ஒரே இடத்தில் ஐந்து மர்மர்கள்: இடது கீழ் ஓரத்தைப் பிரித்தறிவது

மார்பெலும்பின் இடது கீழ் ஓரத்தில், நான்காவது விலா இடைவெளியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் ஒரு சிஸ்டாலிக் மர்மர் கேட்கிறது. படுக்கையருகே நடக்கும் தேர்வுகளில் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அதற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நான்கு வால்வுக்கு நான்கு இடம் என்று முதல் வருடத்திலேயே படம் போட்டு மனதில் பதிய வைத்துவிடுகிறோம். அந்தப் படத்தை நம்பினால் இடது கீழ் ஓரம் ட்ரைகஸ்பிட் வால்வின் இடம், அங்கே கேட்பது ட்ரைகஸ்பிட் கசிவு, அதாவது டி.ஆர். ஆனால் அதே இடத்தில் கீழறைகளுக்கு நடுவே உள்ள ஓட்டையும் (வி.எஸ்.டி.) கேட்கும். ஹோகம் என்று நாம் சுருக்கிச் சொல்லும் ஹைப்பர்ட்ரோஃபிக் அப்ஸ்ட்ரக்டிவ் கார்டியோமயோபதியும் அங்கேதான் நன்றாகக் கேட்கும். அயோர்டிக் ஸ்டெனோசிஸ் (ஏ.எஸ்.) வலது மேல் பக்கத்திலிருந்து அங்கு வரை இறங்கி வரும். மைட்ரல் கசிவான எம்.ஆர். சில சமயம் ஏபெக்ஸிலிருந்து அங்கே வந்து சேரும்.

ஆக, ஓர் இடத்துக்கு ஐந்து சந்தேகங்கள். இளைஞர்களிடம் எந்தக் கோளாறும் இல்லாமல் கேட்கும் சாதாரண ஓட்ட மர்மரையும் சேர்த்தால் ஆறு. மர்மர் எங்கே பலமாகக் கேட்கிறது என்பது இந்தப் பட்டியலைத் தருமே தவிர விடையைத் தராது. அதனால் என்னிடம் வருபவர்களிடம் நான் வற்புறுத்தும் வரிசை வேறு: முதலில் காலம், அப்புறம் இடம், கடைசியில் மிஞ்சும் இரண்டு பேரைப் பிரிப்பதற்கென்றே தேர்ந்தெடுத்த ஒரே ஒரு மனூவர்.

காலம் என்றதும் சிஸ்டாலிக்கா டயஸ்டாலிக்கா என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதைக் கண்டுபிடிக்க கரோட்டிட் நாடியில் விரல் வைத்துக்கொண்டே கேட்க வேண்டும். மணிக்கட்டு நாடி தாமதமாக வரும், ஏமாற்றிவிடும். சரி, சிஸ்டாலிக் என்று தெரிந்துவிட்டது. உண்மையில் பயன்படும் கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது: மர்மர் சிஸ்டோலில் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது?

இதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தை ஒருமுறை புரிந்துகொண்டால் மனப்பாடம் தேவையில்லை. இடது கீழறை சுருங்கத் தொடங்கியதும் அதன் அழுத்தம் மேலறையின் அழுத்தத்தை உடனடியாகத் தாண்டிவிடும். மைட்ரல் வால்வு சரியாக மூடவில்லை என்றால் அந்த நொடியிலேயே கசிவு ஆரம்பித்துவிடும், அதனால் மர்மர் முதல் ஒலியோடு ஒட்டிப் பிறக்கும். ஆனால் அயோர்டிக் வால்வு திறக்க வேண்டுமென்றால் கீழறையின் அழுத்தம் மகாதமனியின் டயஸ்டாலிக் அழுத்தம் வரை, ஏறத்தாழ 80 மில்லிமீட்டர் பாதரசம் வரை, ஏறியாக வேண்டும். அது ஏறும் வரை ரத்தம் எங்கும் போவதில்லை. ஆகவே ஏ.எஸ். மர்மருக்கும் முதல் ஒலிக்கும் நடுவே ஒரு சிறிய இடைவெளி இருக்கும். அப்புறம் மர்மர் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும்.

முடிவிலும் இதே கதைதான். அயோர்டிக் வால்வு மூடும்போதுகூட இடது கீழறையின் அழுத்தம் மேலறையைவிட மிக அதிகமாகவே இருக்கிறது. அதனால் மைட்ரல் கசிவு இரண்டாம் ஒலி வரை ஓடி, அதையும் கொஞ்சம் மூடிவிட்டுத்தான் நிற்கும். ஏ.எஸ். மர்மரோ இரண்டாம் ஒலிக்கு முன்பே அடங்கிவிடும்.

முதல் ஒலிக்குப் பிந்தைய அந்தச் சிறு இடைவெளியைக் காதால் பிடிப்பது கடினம், குறிப்பாக நாடி 90-ஐத் தாண்டிவிட்டால். முடிவைப் பிடிப்பது அதைவிட எளிது. எனவே மர்மரை மறந்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டாம் ஒலி தனியாக, சுத்தமாகக் கேட்கிறதா என்று மட்டும் கவனிக்கச் சொல்வேன். தனியாகக் கேட்டால் இஜெக்‌ஷன் வகை: ஏ.எஸ்., ஹோகம், சாதாரண ஓட்ட மர்மர். மர்மருக்குள் புதைந்துபோனால் பேன்சிஸ்டாலிக் வகை: எம்.ஆர்., டி.ஆர்., வி.எஸ்.டி. ஆறு பேரும் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிட்டார்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. சுண்ணாம்பு படிந்து இறுகிப்போன கடுமையான ஏ.எஸ்.ஸில் வால்வு அசைவதே குறைவு, ஆகவே இரண்டாம் ஒலியின் அயோர்டிக் பகுதி மங்கிப்போகும் அல்லது காணாமலே போகும். மர்மரின் உச்சமும் சிஸ்டோலின் பிற்பகுதிக்குத் தள்ளிப்போகும். இரண்டும் சேர்ந்தால் கேட்பவருக்கு அது பேன்சிஸ்டாலிக் போலவே படும். போதாக்குறைக்கு, ஏ.எஸ். மர்மரின் உயர்ந்த சுருதிப் பகுதி மட்டும் பிரிந்து ஏபெக்ஸில் இசைபோலக் கேட்கும் வழக்கமும் உண்டு. 1925-இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் கலவார்டான் பெயராலேயே இன்றும் அதைச் சொல்கிறோம். வயதான நோயாளி, ஏபெக்ஸில் மர்மர், இரண்டாம் ஒலி தெளிவில்லை என்றதும் எம்.ஆர். என்று சொல்லிவிட்டு வருபவர்கள் இங்கேதான் விழுகிறார்கள்.

இந்தப் பொறியிலிருந்து தப்பிக்க இதயமே சில சமயம் உதவும். இடையில் ஓர் எக்டாபிக் துடிப்பு வந்தால், அதற்குப் பின் வரும் நீண்ட இடைவெளியை அடுத்த துடிப்பைக் கவனியுங்கள். நோயாளிக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் நீண்ட இடைவெளிகள் தாமாகவே அடிக்கடி வரும். அந்த இடைவெளியில் கீழறை அதிகம் நிரம்பி, அடுத்த துடிப்பில் பலமாகத் தள்ளும். குறுகிய வால்வின் வழியாக அதிக ரத்தம் போகும்போது ஏ.எஸ். மர்மர் சட்டென்று உரத்துக் கேட்கும். எம்.ஆர். மர்மரில் பெரிய மாற்றம் இருக்காது, ஏனென்றால் அந்த நீண்ட இடைவெளியில் மகாதமனியின் அழுத்தமும் இறங்கியிருக்கும், கூடுதலாக வந்த ரத்தம் பெரும்பாலும் முன்னோக்கியே போய்விடும். நோயாளியை எழுப்பாமல், தொந்தரவு செய்யாமல் கிடைக்கும் சோதனை இது. இவ்வளவு நல்ல சாட்சியை ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

இனி இடம். எங்கே பலமாகக் கேட்கிறது என்பதைவிட, எந்தப் பக்கம் பரவுகிறது என்பது கூடுதலாகச் சொல்லும். ஏ.எஸ். கழுத்துக்கு ஏறும், எம்.ஆர். அக்குளுக்குப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் விதிவிலக்குதான் தேர்வில் வருகிறது. மைட்ரல் வால்வின் பின் இதழ் தளர்ந்து பிதுங்கினால் கசிவு எதிர்ப்பக்கமாக, அதாவது முன்னும் உள்ளுமாகப் பாயும். அந்த மர்மர் அக்குளுக்குப் போகாமல் மார்பெலும்பு ஓரமாக மேலே ஏறி ஏ.எஸ். போல நடிக்கும். முன் இதழ் என்றால் அக்குளுக்கும் முதுகுக்கும் போகும். ஆகவே பரவும் திசை காலத்தோடு முரண்பட்டால், நான் காலத்தின் பக்கம் சாய்வேன்.

வி.எஸ்.டி.யைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது பெரும்பாலும் கைக்கே பிடிபட்டுவிடும்: மூன்றாவது, நான்காவது இடைவெளியில் த்ரில், கரகரப்பான உரத்த மர்மர். ஓட்டை சிறியதாக இருந்தால் சத்தம் பெரிதாக இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டி.ஆர். கழுத்திலேயே காட்டிக்கொடுக்கும். ஜுகுலர் நாளத்தில் பெரிய வி அலை தெரிந்தால், ஸ்டெதஸ்கோப்பை எடுக்கும் முன்பே பாதி விடை கையில் இருக்கிறது.

டி.ஆருக்கான மனூவர், மூச்சை உள்ளிழுக்கும்போது மர்மர் கூடுவது. மெக்சிகோவின் ரிவேரோ கார்வாயோ பெயரில் வழங்கும் அடையாளம் இது. தேர்வில் இதைக் கெடுக்கும் வழி ஒன்று உண்டு: "நன்றாக மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்." அப்படிப் பிடித்தால் நோயாளி தன்னை அறியாமலே முக்க ஆரம்பிப்பார், நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறும், ரத்தம் திரும்புவது கூடுவதற்குப் பதிலாகக் குறையும். நிறுத்தாமல் சாதாரணத்தைவிடக் கொஞ்சம் ஆழமாக மூச்சுவிடச் சொல்லி, நாலைந்து மூச்சுகளுக்கு மர்மர் ஏறி இறங்குகிறதா என்று கேட்டால் போதும். வலது கீழறை மிகவும் தளர்ந்துபோன நோயாளியிடம் இந்த ஏற்றம் இல்லாமல் போகலாம், ஏனென்றால் கூடுதலாக வரும் ரத்தத்தை வாங்கித் தள்ள அதனால் முடியாது.

கடினமான ஜோடி ஏ.எஸ்.ஸும் ஹோகமும்தான். இரண்டும் இஜெக்‌ஷன் வகை. இரண்டிலும் ஓடும்போதோ படியேறும்போதோ மயக்கம், மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி என்ற அதே கதை. வித்தியாசம், ஏ.எஸ்.ஸின் அடைப்பு நிலையானது, ஹோகத்தின் அடைப்பு துடிப்புக்குத் துடிப்பு மாறக்கூடியது என்பதில் இருக்கிறது.

ஹோகத்தில் கீழறைகளின் நடுச்சுவர் தடித்து, ரத்தம் வெளியேறும் வழிக்குள் புடைத்திருக்கும். கீழறை சுருங்கும்போது மைட்ரல் வால்வின் முன் இதழ் அந்தப் புடைப்பை நோக்கி இழுபட்டு வழியை அடைக்கும். கீழறைக்குள் ரத்தம் குறைவாக இருந்தால் அறை சிறுக்கும், இதழும் சுவரும் நெருங்கும், அடைப்பு கூடும், மர்மர் உரக்கும். ரத்தம் நிறைய இருந்தால் இதழும் சுவரும் விலகி நிற்கும், மர்மர் அடங்கும். ஏ.எஸ்.ஸில் துவாரத்தின் அளவு மாறாது. ரத்தம் குறைந்தால் அதன் வழியே போவதும் குறையும், மர்மரும் குறையும். அதாவது ஒரே செயலுக்கு இரண்டும் எதிரெதிர்த் திசையில் பதில் சொல்கின்றன. மனூவருக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

எனக்குப் பிடித்த மனூவர் குந்தி எழுவது. குந்தினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் கூடும், எழுந்தால் குறையும். செய்யும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. நீங்கள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் நோயாளியோடு நீங்களும் குனிந்து நிமிர்ந்து, ஸ்டெதஸ்கோப் இடம் மாறிவிடும். நோயாளி கட்டிலின் விளிம்பைப் பிடித்தபடி குந்தட்டும். அரை நிமிடம் அப்படியே இருக்கட்டும். அப்போது மர்மரின் அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேகமாக எழச் சொல்லுங்கள். எழுந்த பின் வரும் முதல் 15, 20 நொடிகளில்தான் விடை இருக்கிறது. அதற்குள் நோயாளியிடம் பேச்சுக் கொடுத்தால் போச்சு. எழுந்ததும் நாடி வேகமெடுக்கும், எல்லாமே உரத்துக் கேட்பதுபோல உங்களுக்கு ஒரு பிரமை வரும். அதனால் மர்மரை முன்பிருந்த மர்மரோடு மட்டும் ஒப்பிடாமல், பக்கத்தில் இருக்கும் இதய ஒலிகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூட்டுவலி உள்ளவரைக் குந்தச் சொல்ல முடியாது. அப்போது படுத்திருப்பவரின் கால்கள் இரண்டையும் உதவியாளர் 45 பாகைக்குத் தூக்கிப் பிடித்தால் போதும். ரத்தம் இதயத்துக்கு அதிகம் திரும்பி ஹோகம் மர்மர் அடங்கும். பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வால்சால்வாதான். அதைச் செய்யவைக்க, நோயாளியின் வயிற்றில் என் கையை வைத்து, "என் கையை வயிற்றால் தள்ளுங்கள், தள்ளிக்கொண்டே இருங்கள்" என்பேன். கழுத்து நாளங்கள் புடைக்கவில்லை என்றால் அவர் சரியாக முக்கவில்லை என்று அர்த்தம். ஆரம்பித்த உடனே கேட்டுவிட்டு முடிவெடுக்கக் கூடாது. பத்து நொடிக்கு மேல் முக்கிய பிறகே கீழறை நன்றாகச் சிறுத்திருக்கும். விடுவதற்குச் சற்று முன் இருக்கும் மர்மரைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

1988-இல் வந்த ஒரு சிறிய ஆய்வு, சிஸ்டாலிக் மர்மர் உள்ள 50 பேரிடம் இந்த மனூவர்களை அளந்து பார்த்தது. ஹோகம் உள்ளவர்களில் குந்தி எழுந்தபோது மர்மர் கூடியது 95 சதவீதத்தினருக்கு, வால்சால்வாவில் 65 சதவீதத்தினருக்கு மட்டுமே. ஆனால் வால்சால்வாவில் கூடிவிட்டால் பொய்யாக இருக்கும் வாய்ப்புக் குறைவு: ஹோகம் இல்லாதவர்களில் 96 சதவீதத்தினருக்கு அது கூடவில்லை. குந்தி எழுவதில் அந்த எண் 84. நடைமுறையில் இதன் பொருள், வால்சால்வாவில் மாற்றமில்லை என்பதை வைத்து ஹோகம் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. குந்தி எழுந்தும் கூடவில்லை என்றால் ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

எம்.ஆர்., வி.எஸ்.டி. இரண்டுக்கும் இன்னொரு மனூவர் இருக்கிறது. கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி ஒரு நிமிடத்தின் முடிவில் கேட்பது. மகாதமனியின் எதிர்ப்பழுத்தம் ஏறுவதால் பின்னோக்கிப் போகும் ரத்தம் கூடி மர்மர் உரக்கும். ஹோகத்தில் இதுவே மர்மரைக் குறைக்கும். பிடிக்கும்போது மூச்சை அடக்கி முக்கிவிட்டால் இரண்டு மனூவர் ஒன்றாகக் கலந்து எதுவும் புரியாமல் போகும் என்பதால், நோயாளியைச் சாதாரணமாக மூச்சு விடச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு கேஸை முழுவதுமாகப் பார்ப்போம். 34 வயது ஆண். "ஓடும்போது மூச்சு வாங்குகிறது, ஒருமுறை மயங்கி விழுந்தார். இதயத்தைப் பரிசோதியுங்கள்" என்பது மட்டுமே தரப்பட்ட குறிப்பு. என்னிடம் பயிற்சிக்கு வந்த முதுகலை மாணவி பரிசோதித்தார். நாடி 68, சீரானது. ஏபெக்ஸ் ஐந்தாவது இடைவெளியில், இடம் மாறவில்லை. இடது கீழ் ஓரத்தில் மூன்றாம் கிரேடு சிஸ்டாலிக் மர்மர், ஏபெக்ஸிலும் கேட்கிறது, கழுத்தில் ஏறத்தாழ இல்லை.

"எம்.ஆர். சார். ஏபெக்ஸில் கேட்குது, கழுத்துக்குப் போகலை."

"இரண்டாம் ஒலி?"

திரும்பப் போய்க் கேட்டார். இடது கீழ் ஓரத்தில் இரண்டாம் ஒலி சுத்தமாகத் தனியே இருந்தது. ஏபெக்ஸில் மர்மர் சற்று நீண்டு, கிட்டத்தட்ட இரண்டாம் ஒலியைத் தொட்டது. இது குழப்பமான விஷயம்தான், ஆனால் பொருந்தாத விஷயம் இல்லை. ஹோகத்தில் முன் இதழ் சுவரை நோக்கி இழுபடும்போது வால்வு முழுதாக மூடாமல் கூடவே மைட்ரல் கசிவும் ஏற்படும். ஏபெக்ஸில் கேட்ட நீண்ட மர்மர் அதுவாக இருக்கலாம். பலமாகக் கேட்கும் இடத்தின் காலத்தை முதலில் நம்புவோம்: இஜெக்‌ஷன். வி.எஸ்.டி.யும் டி.ஆரும் பட்டியலிலிருந்து இறங்கிவிட்டன. த்ரில் இல்லை, ஜுகுலரில் வி அலையும் இல்லை என்பது அதற்கு ஒத்துப்போகிறது.

மிச்சம் ஏ.எஸ்., ஹோகம், ஓட்ட மர்மர். 34 வயதில் ஏ.எஸ். என்றால் பிறவியிலேயே இரண்டு இதழ்களோடு அமைந்த அயோர்டிக் வால்வை நினைக்க வேண்டும். அதில் முதல் ஒலியை ஒட்டி ஓர் இஜெக்‌ஷன் கிளிக் எதிர்பார்க்கலாம், இங்கே இல்லை. மறுபடி கரோட்டிட்டில் கைவைக்கச் சொன்னேன். ஏ.எஸ்.ஸின் நாடி மெதுவாக, கனத்து ஏறும். இவருடையது வெடுக்கென்று ஏறியது. ஹோகத்தில் சிஸ்டோலின் தொடக்கத்தில் வழி திறந்தே இருப்பதால் ரத்தம் வேகமாகப் பாய்ந்துவிடும், அடைப்பு பிறகுதான் வரும்; அதனால்தான் இந்த வெடுக்கு. ஏபெக்ஸைக் கவனமாகத் தொட்டதும் ஒரு துடிப்புக்கு இரண்டு உந்தல்கள் தெரிந்தன. முதல் உந்தல் மேலறை விறைத்த கீழறைக்குள் தள்ளுவது.

இப்போது மனூவரின் கேள்வி தெளிவாகிவிட்டது: ரத்தம் குறைந்தால் இந்த மர்மர் கூடுமா, குறையுமா? ஓட்ட மர்மரும் எழுந்து நின்றால் குறையும், சில சமயம் மறைந்தே போகும். ஆகவே ஒரே சோதனை ஹோகத்தை மற்ற இரண்டிலிருந்தும் பிரிக்கும். குந்தியபோது மர்மர் ஏறத்தாழ ஒன்றாம் கிரேடுக்கு இறங்கியது. எழுந்த நாலைந்து துடிப்புகளுக்குள் முன்பைவிட உரத்து, நீண்டு கேட்டது. மாணவி தேர்வாளரிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "இடது கீழ் ஓரத்தில் இஜெக்‌ஷன் சிஸ்டாலிக் மர்மர், கழுத்துக்குப் பரவவில்லை, குந்தும்போது குறைந்து எழும்போது கூடுகிறது. நாடி வெடுக்கென்று இருக்கிறது, ஏபெக்ஸில் இரட்டை உந்தல். இடது கீழறை வெளிவழி மாறும் அடைப்பு, ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி என்று நினைக்கிறேன்." முதலில் கண்டதைச் சொல்லி, நோயின் பெயரைக் கடைசியில் வைத்தார். முடிவு தவறாகப் போனாலும் கண்டவற்றுக்கு மதிப்பெண் இருக்கும் என்பதால் இந்த வரிசையை நான் விரும்புகிறேன்.

எக்கோவில் வெளிவழி அழுத்த வேறுபாடு ஓய்வில் 24 மில்லிமீட்டர், வால்சால்வாவில் 70. ஓய்வில் 30-க்குக் கீழ் இருந்து தூண்டினால் ஏறும் வகை இவர்.

சில எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். நாடி மெதுவாக ஏறி, இரண்டாம் ஒலி மங்கி, கடுமையான ஏ.எஸ். என்று உறுதியாகத் தெரிந்த நோயாளியை வால்சால்வா செய்யச் சொல்வதும் குந்தி எழச் சொல்வதும் தேவையற்ற ஆபத்து, மயங்கி விழலாம். மனூவர் சந்தேகத்தைத் தீர்க்கத்தான், சந்தேகம் இல்லாத இடத்தில் காட்சிக்கு வேண்டாம். மயங்கி விழுந்த கதை உள்ளவரை எழுப்பும்போது கையைப் பிடிக்க ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். தேர்வில் நேரம் இல்லை என்றோ வேண்டாம் என்றோ தேர்வாளர் தடுத்தால், எந்த மனூவரைச் செய்திருப்பீர்கள், எந்தத் திசையில் மாற்றம் எதிர்பார்த்தீர்கள் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகருங்கள்.

எழுந்ததும் கூடும் மர்மர் எல்லாமே ஹோகம் ஆகிவிடாது. மைட்ரல் பிதுக்கத்திலும் கீழறை சிறுத்தால் இதழ் முன்னதாகவே பிதுங்கும்; கிளிக் முதல் ஒலியை நோக்கி நகரும், மர்மர் நீளும். அங்கே கவனிக்க வேண்டியது உரப்பை அல்ல, கிளிக் நகர்வதை.

ஹோகத்தின் மர்மர் ஒரே நாளில்கூட ஒரே அளவில் நிற்பதில்லை. பீட்டா பிளாக்கர் எடுத்தவரிடம் ஓய்வில் எதுவுமே கேட்காமல், எழுந்து நின்ற பிறகே எட்டிப் பார்க்கலாம். தண்ணீர் குடிக்காமல் காலையிலிருந்து காத்திருந்தவரிடம் உரத்துக் கேட்கலாம், மதியம் நன்றாகச் சாப்பிட்டுக் குடித்துவிட்டுப் படுத்திருக்கும்போது அதே மர்மர் பாதியாக இருக்கலாம். தேர்வாளர் காலையில் மூன்றாம் கிரேடு என்று எழுதி வைத்திருக்க, உங்கள் காதில் பிற்பகலில் இரண்டாம் கிரேடுதான் விழுந்தது என்றால், இரண்டு என்றே சொல்லுங்கள். குந்தியபோது எவ்வளவு, எழுந்தபோது எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.